ஃபிளானல் துணியின் பஞ்சுப் பரப்பு: எப்படி வருகிறது, ஏன் உருண்டை கட்டி மெலிகிறது?

“வாங்கும்போது அவ்வளவு மெத்துன்னு இருந்துச்சு, நாலு தடவை துவைச்சதும் உருண்டை உருண்டையா வந்து மெலிஞ்சு போச்சே, ஏமாத்திட்டாங்களா?” பெரம்பூரில் இரவு உடைகளும் குழந்தைத் துணிகளும் தைத்துக் கொடுக்கும் என்னிடம் மார்கழி நெருங்கும்போதெல்லாம் வரும் கேள்வி இது. ஏமாற்றுவதும் சில சமயம் நடக்கிறது. ஆனால் பெரும்பாலும் காரணம் துணியின் பிறப்பிலேயே இருக்கிறது. வாடிக்கையாளர்கள் கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே வைத்து, பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

ஃபிளானல் மேல இருக்கிற பஞ்சு எங்கேர்ந்து வருது? மேல ஒட்டுறாங்களா?

ஒட்டுவதில்லை. வெல்வெட்டைப் போலத் தனியாக ஒரு நூலைக் கொண்டு அந்தப் பரப்பை நெய்வதும் இல்லை. துணியை நெய்த நூலுக்குள் இருக்கும் பஞ்சிழைகளையே வெளியே இழுத்து நிமிர்த்திவிடுகிறார்கள். ஒரு பருத்தி நூல் என்பது ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள ஏராளமான பஞ்சிழைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி முறுக்கியதுதான். அந்த முறுக்குதான் அவற்றை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கிறது. ஓர் இழையின் ஒரு முனையை மட்டும் வெளியே இழுத்துவிட்டு, மறுமுனை நூலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும்படி செய்தால், வெளியே வந்த முனை துணியின் மேல் மயிர் போல நிற்கும். அப்படிப்பட்ட கோடிக்கணக்கான முனைகள் சேர்ந்ததுதான் நாம் தொட்டு மகிழும் பரப்பு.

ஆகவே மேலே எவ்வளவு பஞ்சு தெரிகிறதோ அவ்வளவு பஞ்சு அடியிலிருக்கும் நூலிலிருந்து குறைந்திருக்கிறது. கீழே வரும் பதில்கள் அனைத்தும் இந்த ஒரு செய்தியிலிருந்தே கிளைக்கின்றன.

அந்த இழையை எப்படி வெளியே இழுக்கிறாங்க? பிரஷ் போட்டுத் தேய்ப்பாங்களா?

பிரஷ் என்று சொன்னாலும் உண்மையில் அது எஃகுக் கம்பி முட்களின் வேலை. ஆலைகளில் இதற்கு ரைசிங் என்று பெயர். திருப்பூர்ப் பக்கம் பனியன் துணியின் உட்புறத்தைப் பஞ்சாக்கவும் இதே வகை மெஷினைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு பெரிய உருளையின் விளிம்பைச் சுற்றி 24 முதல் 36 வரை சிறு உருளைகள் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு சிறு உருளையின் மேலும், முனை வளைந்த மெல்லிய கம்பி முட்கள் நெருக்கமாகப் பதித்த பட்டை சுற்றப்பட்டிருக்கும். ஒரு தொகுதி உருளைகளின் முட்கள் துணி போகும் திசையைப் பார்த்தும், அடுத்த தொகுதியின் முட்கள் எதிர்த்திசையைப் பார்த்தும் இருக்கும். பெரிய உருளை ஒரு பக்கமும் சிறு உருளைகள் மறுபக்கமுமாகச் சுழல, இழுத்துப் பிடித்த துணி அவற்றின் மேல் ஓடும்போது முட்கள் நூலைக் குத்தி இழைகளைக் கிளறி எடுக்கின்றன. அந்தக் காலத்தில் கம்பளித் துணிக்கு இதே வேலையைச் செய்தது டீசில் என்ற செடியின் காய்ந்த முள்தலை. அதன் முட்கள் சற்று வளைந்துகொடுப்பதால் கம்பளி கிழியாமல் மயிர் எழும்பியது.

ஒரே ஓட்டத்தில் ஆழமாகக் குத்தி எடுக்க முயன்றால் நூலே அறுந்துவிடும். அதனால் நல்ல ஆலைகள் முட்களைப் பட்டும் படாமலும் வைத்து, துணியைப் பலமுறை ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாக எழுப்புகின்றன. அதற்கு முன்பே துணிக்கு ஒரு மென்மையூட்டி கொடுக்கப்படும். அது இழைகளுக்கு இடையிலான பிடிப்பைத் தளர்த்துவதால் அவை அறாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வருகின்றன. கடைசியில், தாறுமாறாக நீண்டு நிற்கும் முனைகளைச் சுழலும் கத்தியால் ஒரே மட்டமாக வெட்டிவிடுவதும் உண்டு. விலை குறைந்த துணியில் குறைத்த ஓட்டங்களும், அழுத்திக் குத்திய முட்களும், வெட்டாமல் விட்ட நீண்ட முனைகளும்தான் பின்னால் உருண்டைகளாக வெளிப்படுகின்றன.

அப்போ எந்தக் காட்டன் துணியை வேணும்னாலும் இப்படிப் பஞ்சாக்கலாமா? வாயில் சேலை, வேட்டியெல்லாம்?

முடியாது. ஃபிளானலாக வேண்டிய துணியை நெய்யும்போதே அதற்காகத் திட்டமிட வேண்டும். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மெல்லியதாகவும் நன்கு முறுக்கியதாகவும் இருக்கும். குறுக்கே ஓடும் ஊடை நூல் தடித்ததாகவும் தளர்வாக முறுக்கியதாகவும் இருக்கும். நூல் நம்பரில் சொன்னால், பாவு இருபதுகளிலும் ஊடை பத்துகளிலும் இருப்பது வழக்கம். நம்பர் குறையக் குறைய நூல் தடிக்கும் என்பது தறி அறிந்தவர்களுக்குத் தெரியும். பாவின் வேலை துணியைத் தாங்குவது. ஊடையின் வேலை பஞ்சு கொடுப்பது. வாயில் துணியிலோ இரண்டு நூலும் மெல்லியவை, அதிக முறுக்கு ஏறியவை. முட்கள் அங்கே இழையை இழுக்க முயன்றால் முறுக்கு விடாது, நூல்தான் அறும்.

முட்கள் ஏன் ஊடையை மட்டும் கிளறுகின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. மெஷினில் துணி நீளவாக்கில் ஓடுகிறது, முட்களும் அதே வாக்கில் நகர்கின்றன. பாவு நூல்கள் முட்களோடு இணையாக, இழுத்துப் பிடித்த நிலையில் இருப்பதால் முட்கள் அவற்றின் பக்கவாட்டில் நழுவிப் போய்விடுகின்றன. ஊடை நூல்களோ முட்களின் பாதையில் குறுக்கே கிடக்கின்றன. அதனால் குத்து முழுவதும் அவற்றின் மேல் விழுகிறது. ரைசிங் முடிந்த துணி அகலத்தில் சற்றுச் சுருங்கியும், அகலவாக்கில் இழுத்தால் முன்பைவிடக் கணிசமாக வலுக்குறைந்தும் இருப்பது இதனால்தான்.

ஒரு பக்கம் மட்டும் பஞ்சு இருக்கிற துணி நல்லதா, ரெண்டு பக்கமும் இருக்கிறதா?

கதகதப்புக்கு இரண்டு பக்கமும் எழுப்பியது மேல். உழைப்புக்கு ஒரு பக்கம் எழுப்பியது மேல், ஏனெனில் ஒரே ஊடை நூலை இருபுறமும் கிளறியிருக்க மாட்டார்கள். சென்னைக் குளிருக்கும், ஏசி அறையில் குழந்தைக்குப் போர்த்துவதற்கும் ஒரு பக்கம் எழுப்பியதே போதும் என்பது என் கருத்து.

சரி, துவைச்சா ஏன் உருண்டை வருது? புதுசா இருக்கும்போது ஒண்ணுகூட இல்லையே?

உருண்டைக்குத் தேவையான பொருள் முதல் நாளிலிருந்தே மேலே நின்றுகொண்டிருக்கிறது. சாதாரணக் காட்டன் துணியில் முதலில் உராய்வு ஏற்பட்டு, இழை முனைகள் வெளியே வந்து, பிறகுதான் அவை சிக்க வேண்டும். ஃபிளானலில் முதல் கட்டத்தை ஆலையே முடித்துக் கொடுத்துவிட்டது. துவைக்கும்போது துணியோடு துணி உரசுகிறது. நிமிர்ந்து நிற்கும் முனைகள் சாய்ந்து, அக்கம்பக்கத்து முனைகளோடு பின்னிக்கொண்டு சுருள்கின்றன. நீண்ட முனைகள் எளிதில் பின்னும். குட்டையாக மட்டம் வெட்டியவை அவ்வளவு எளிதில் பின்னாது. பின்னிய சுருள் மேலும் உரசப்படும்போது இறுகி உருண்டையாகிறது. உதிர்ந்த நூல்துகள்களும், கூடவே துவைத்த துணிகளின் பஞ்சும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. வெள்ளை ஃபிளானலில் நீல உருண்டைகள் தெரிந்தால் அது பக்கத்து ஜீன்ஸின் கொடை.

ஒரு உருண்டையை ஊசிமுனையால் மெல்லத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால், அதைத் துணியோடு பிடித்துவைத்திருக்கும் சில நூலிழைகள் காம்பு போலத் தெரியும். அந்தக் காம்பின் அடி ஊடை நூலுக்குள் இருக்கிறது. உருண்டை அசையும் ஒவ்வொரு முறையும் காம்பு சற்று இழுபடுகிறது, நூலுக்குள் புதைந்திருந்த பகுதி இன்னும் கொஞ்சம் வெளியே வருகிறது, அதுவும் உருண்டையில் சுற்றிக்கொள்கிறது.

தண்ணீரைக் குறை சொல்வதில் பயனில்லை. பருத்தி நனைந்தால் வலுவிழப்பதில்லை, சற்று வலுக்கூடவே செய்கிறது. ஆனால் நனைந்த இழை பருத்துப்போகிறது, சோப்பு நீர் இழைகளுக்கு இடையே வழுக்கலைத் தருகிறது, தளர்ந்த முறுக்கு மேலும் தளர்கிறது. இந்த நிலையில் நேரும் உரசல்தான் கெடுதி செய்கிறது. நனைத்து வைத்த துணிக்கு உருண்டை வருவதில்லை, தேய்த்த துணிக்குத்தான் வருகிறது.

நூறு சதவீதம் காட்டன்னா உருண்டையே வராதுன்னு கடைக்காரர் சொன்னாரே?

அவர் சொன்னதில் பாதி உண்மை. பருத்தியிலும் உருண்டை வரும், ஆனால் தங்காது. பருத்தியிழையின் காம்பு அவ்வளவு வலுவுள்ளதல்ல. சில துவைப்புகளில் அது அறுந்து உருண்டை தானாகவே உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் கலந்த ஃபிளானலில் பாலியஸ்டர் இழையே காம்பாக அமைந்துவிடுகிறது. அது அறாது. அதனால் உருண்டைகள் உதிராமல் மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டு, மேலும் மேலும் பஞ்சைச் சேர்த்துக்கொள்கின்றன.

எனவே நான்கைந்து துவைப்புகளில் உருண்டைகள் பெருகிப் பிறகு குறையத் தொடங்கினால் அது பெரும்பாலும் சுத்தப் பருத்தி. குறையாமல் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால் கலப்பு என்று ஐயப்படலாம். ஆனால் உருண்டை உதிர்வதை நல்ல செய்தி என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உதிர்ந்த ஒவ்வொரு உருண்டையும் துணியின் எடையிலிருந்து போனதுதான்.

உருண்டை உதிர்ந்துட்டா சரியாப் போச்சே, துணி ஏன் மெலியணும்? கொஞ்சம் பஞ்சுதானே போகுது?

கொஞ்சம்தான் போகிறது, ஆனால் அது முழுவதும் ஒரே இடத்திலிருந்து போகிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சதுர மீட்டருக்கு 170 கிராம் எடையுள்ள ஃபிளானல் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாவு 70 கிராம், தடித்த ஊடை 100 கிராம் என்று கொள்வோம். ஒன்றரை மீட்டர் அகலமும் இரண்டேகால் மீட்டர் நீளமும் உள்ள ஒற்றைக் கட்டில் விரிப்பு ஏறத்தாழ 575 கிராம் இருக்கும். துவைப்பிலும் புழக்கத்திலுமாகச் சதுர மீட்டருக்கு 10 கிராம் பஞ்சு போகிறது என்றால், மொத்த விரிப்பில் போனது 34 கிராம், அதாவது நூற்றுக்கு 6. தராசில் வைத்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்தப் 10 கிராமும் ஊடையின் 100 கிராமிலிருந்து போயிருக்கிறது, அதாவது ஊடையில் பத்தில் ஒரு பங்கு. அதுவும் விரிப்பு முழுவதும் சமமாகப் போவதில்லை. உடம்பு அழுந்தும் இடங்களில் பல மடங்கும், ஓரங்களில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமலும் போகிறது.

இந்த மெலிவு உடனே கண்ணில் படாததற்கு இன்னொரு காரணம் உண்டு. ஃபிளானல் தளர்வாக நெய்யப்பட்ட துணி என்பதால் முதல் துவைப்பில் நன்றாகச் சுருங்கும். நீளத்திலும் அகலத்திலும் நூற்றுக்கு 5 சுருங்கினால், 170 கிராமாக இருந்தது சதுர மீட்டருக்கு 188 கிராமாக நெருங்கிவிடும். அதனால்தான் “முதல் தடவை துவைச்சதும் இன்னும் கெட்டியாச்சு” என்று பலர் சொல்கிறார்கள். அந்தச் சுருக்கம் ஒருமுறை கிடைப்பது, பஞ்சிழப்போ ஒவ்வொரு துவைப்பிலும் தொடர்வது. சில மாதங்களில் இழப்பு சுருக்கத்தைத் தாண்டும்போது, துணி திடீரென்று மெலிந்துவிட்டதாகத் தோன்றுகிறது. இதே காரணத்தால்தான் தைக்கக் கொடுப்பதற்கு முன் ஃபிளானலை ஒருமுறை நனைத்து உலர்த்தித் தாருங்கள் என்று நான் வற்புறுத்துகிறேன்.

மூணு வருஷம் ஆன பெட்ஷீட், தோள் படுற இடத்துல நீளவாக்குல கிழிஞ்சுது. ஓரமெல்லாம் புதுசு மாதிரியே இருக்கு. நடுவுல மட்டும் ஏன்? அதுவும் ஏன் நீளமா?

வேளச்சேரியிலிருந்து ஒருவர் இந்தக் கேள்வியோடு விரிப்பையும் எடுத்து வந்தார், ஆகையால் பிரித்தே பார்த்துவிட்டோம். முதலில் அதைச் சன்னலுக்கு நேரே பிடித்தோம். மெத்தைக்கு அடியில் செருகப்பட்டிருந்த ஓரத்தில் வெளிச்சம் மங்கலாக, சமமாகத் தெரிந்தது. தோளும் இடுப்பும் அழுந்திய இடத்தில் நெடுக்கு நூல்கள் மட்டும் கோடு கோடாகத் தெரிந்தன. அவற்றுக்கு இடையே வெளிச்சம் பளிச்சென்று வந்தது. கிழிசலின் விளிம்பில் பாவு நூல்கள் அறாமல் நின்றன. அவற்றைக் குறுக்கே கட்டிவைத்திருந்த ஊடை மட்டும் பிய்ந்திருந்தது.

பிறகு ஓரத்திலிருந்து ஒரு துண்டும், கிழிசலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு துண்டும் வெட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் நூல்களை உருவினோம். ஓரத்து ஊடை தடியாக, இருபுறமும் மயிர் அடர்ந்து, கையால் இழுத்தால் சற்றுத் தாக்குப்பிடித்தது. நடுவிலிருந்து உருவிய ஊடை மொட்டையாக, மெல்லியதாக, இடத்துக்கு இடம் தடிமன் மாறி இருந்தது. இலேசாக இழுத்ததும் அது அறவில்லை. இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவி இரண்டாகப் பிரிந்தது. பாவு நூல்களில் இரண்டு துண்டுகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இதில் கேள்வியின் இரண்டு பாதிகளுக்கும் விடை இருக்கிறது. நடுவில் கிழிவது, இரவெல்லாம் உடம்பு புரளும்போது நேரும் உரசல் அங்கேதான் விழுகிறது என்பதால். நீளவாக்கில் கிழிவது, வலுவிழந்தது குறுக்கு நூல் என்பதால். குறுக்கு நூல்கள் வரிசையாக விட்டுக்கொடுக்கும்போது கிழிசல் நெடுக்கு நூலை ஒட்டித்தான் ஓடும். நைட்டியின் முழங்கைப் பகுதியும் பைஜாமாவின் தொடையின் உட்புறமும் இதே முறையில்தான் போகின்றன. புது விரிப்பே குறுக்காக, அதாவது பாவு அறுந்து கிழிந்தால் மட்டும் நெசவையோ சாயத்தையோ சந்தேகிக்கலாம்.

கடையில வாங்கும்போதே கண்டுபிடிக்க வழி இருக்கா? எல்லாமே தொட்டா மெத்துன்னுதானே இருக்கு.

தொட்டுப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள் என்பதுதான் முதல் ஆலோசனை. கடையில் கை உணரும் மென்மையில் ஒரு பகுதி ஆலையில் கொடுத்த மென்மையூட்டி, அது இரண்டு மூன்று துவைப்பில் போய்விடும். மிக அடர்த்தியான பஞ்சு என்றால் ஊடையிலிருந்து மிக அதிகமாக எடுத்திருக்கிறார்கள் என்றும் பொருள்படலாம். பார்க்க வேண்டியது பஞ்சை அல்ல, பஞ்சுக்கு அடியிலிருக்கும் நெசவை.

துணியை ஒற்றை மடிப்பில் கடையின் விளக்குக்கு நேரே பிடியுங்கள். நெசவு சமமாக, நெருக்கமாகத் தெரிய வேண்டும். மேகம் மேகமாகத் திட்டுகள் தெரிந்தால் முட்கள் சில இடங்களில் ஆழமாகக் குத்தியிருக்கின்றன. அடுத்து, கரையோடு இணையாக இல்லாமல் அதற்குக் குறுக்கே, இரு கைகளாலும் பிடித்து அளவாக இழுங்கள். நூல்கள் விலகி இடைவெளி திறந்து, விட்டதும் மூடாவிட்டால் அதை வாங்காதீர்கள். கட்டைவிரலால் ஒரே இடத்தில் இருபது முப்பது முறை அழுத்தித் தேயுங்கள். பஞ்சு படிந்தால் பரவாயில்லை, அது திரும்ப நிமிரும். சிறு சுருள்களாகத் திரண்டாலோ, விரலில் பஞ்சு கையோடு வந்தாலோ வீட்டில் நடக்கப்போவதும் அதுதான்.

கோடவுன் தெருவில் மீட்டர் கணக்கில் வாங்குபவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. வெட்டிய முனையிலிருந்து ஓர் ஊடை நூலை உருவிக்கொண்டு, இரு முனைகளையும் பிடித்து முறுக்கை மெல்லப் பிரியுங்கள். இழைகள் நீளமாகப் பிரிந்து வந்தால் நல்ல பஞ்சு. பிரிக்கத் தொடங்கியதுமே தூள் தூளாகக் குட்டை இழைகள் உதிர்ந்தால் அது கழிவுப் பஞ்சு கலந்த நூல். குட்டை இழையின் மறுமுனை நூலுக்குள் ஆழமாகப் புதைந்திருக்காது, எனவே அதுதான் முதலில் வெளியேறும். ஒரே எடை, ஒரே விலை உள்ள இரண்டு துணிகளுக்கு இடையே உழைப்பில் பெரிய வித்தியாசம் இருப்பதற்கு நான் கண்ட முதற்காரணம் இதுதான்.

அப்போ எப்படித் துவைக்கணும்? எங்க வீட்ல போர் தண்ணிதான் வருது.

உரசலைக் குறைப்பதே நோக்கம் என்பதை நினைவில் வைத்தால் மற்றவை தாமாகப் புரியும். பஞ்சுப் பக்கம் உள்ளே போகும்படி உடையைப் புரட்டிப்போடுங்கள். ஜீன்ஸ், ஜிப் வைத்த உடைகள், டர்க்கி டவல் ஆகியவற்றோடு சேர்க்காதீர்கள். மெஷினை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், தண்ணீரைத் தாராளமாக விட்டு, மென்மையான துணிக்கான குறுகிய ஓட்டத்தில் விடுங்கள். அடியில் தட்டு சுழலும் மேல்திறப்பு மெஷினில் துணிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்வதால், முன்திறப்பு மெஷினைவிட உரசல் அதிகம். அதில் போடுவதாக இருந்தால் வலைப்பையில் இட்டுப் போடலாம். கையால் துவைப்பவர்கள் ஊறவைத்து அமுக்கிப் பிழிந்தால் போதும். கல்லில் அடிப்பதும், கறை கண்ட இடத்தில் நார்ப்பிரஷால் தேய்ப்பதும் ரைசிங் மெஷினின் வேலையை முறையின்றித் தொடர்வதாகும்.

சென்னையின் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. அதில் சோப்புக் கட்டியைப் போட்டுத் தேய்த்தால் கரையாத பிசுக்கு உண்டாகும். வழுவழுப்பான துணியில் அது அலசலில் போய்விடும், ஃபிளானலின் பஞ்சிலோ மாட்டிக்கொண்டு முனைகளைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைக்கும். உலர்ந்ததும் துணி விறைப்பாக இருப்பதும், அடுத்த துவைப்பில் அந்தக் கொத்துகளே உருண்டைக்குக் கருவாவதும் இதனால்தான். கட்டிக்குப் பதில் திரவ டிடர்ஜென்ட்டை அளவாகப் பயன்படுத்துங்கள். கடைசி அலசலுக்காவது மெட்ரோ தண்ணீர் கிடைத்தால் நல்லது. ஈரத்தோடு நன்றாக உதறி, நிழலில் காற்றாட உலர்த்துங்கள். மே மாத மொட்டைமாடி வெயில் நாள்பட நாள்பட பருத்தியிழையையே நொய்யச் செய்கிறது.

ப்ளீச், கண்டிஷனர், ‘புதுசு போல் வைக்கும்’னு போட்ட பவுடர் எல்லாம் போடலாமா?

குளோரின் ப்ளீச் வேண்டாம். அது கறையோடு சேர்த்துப் பருத்தியையும் அரிக்கிறது. அரிக்கப்பட்ட இழை வளையாமல் உடையும். குழந்தையின் துணியில் உள்ள கறைக்கு ஆக்சிஜன் வகைக் கறைநீக்கியில் ஊறவைப்பது போதுமானது. கண்டிஷனரைப் பொறுத்தவரை, ரைசிங்குக்கு முன் ஆலை மென்மையூட்டி கொடுப்பது எதற்காக என்று மேலே சொல்லியிருக்கிறேன்: இழைகள் எளிதில் வழுக்கி வெளியே வருவதற்காக. வீட்டில் ஒவ்வொரு துவைப்பிலும் அதையே செய்தால் விளைவும் அதேதான். துணி கைக்கு இதமாக இருக்கும், இழைகளின் பிடிப்பு தளர்ந்துகொண்டே போகும். நீர் உறிஞ்சும் திறனும் குறைவதால், குழந்தைக்கு விரிக்கும் துணிக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது.

மூன்றாவதுதான் சிக்கலான கேள்வி. சில டிடர்ஜென்ட்களில் செல்லுலேஸ் என்ற என்சைம் இருக்கும். அது பருத்தியின் செல்லுலோஸை அறுக்கக்கூடியது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய முனைகளை முதலில் தாக்குகிறது. பருத்திச் சட்டைக்கு அது நன்மை, ஏனெனில் உருண்டைகள் போய் நிறம் பளிச்சென்று தெரியும். ஃபிளானலில் அந்த முனைகளுக்காகத்தான் துணியையே வாங்கினோம். உருண்டை குறையும், கூடவே பஞ்சுப் பரப்பும் குறையும். பழைய ஃபிளானலில் உருண்டை தாங்க முடியாத அளவுக்குப் போனால் ஓரிரு முறை பயன்படுத்தலாம். வழக்கமான துவைப்புக்கு வேண்டாம்.

உருண்டையைக் கையால பிச்சு எடுக்கலாமா? ரேசர் போடலாமா?

பிய்க்காதீர்கள். காம்பின் அடி நூலுக்குள் இருக்கிறது என்று முன்பு பார்த்தோம். உருண்டையை இழுத்தால் அதோடு நூலுக்குள் இருக்கும் பகுதியும் உருவிக்கொண்டு வரும். பஞ்சை மழிக்கும் சிறு மின்கருவி கடைகளில் கிடைக்கிறது. துணியை மேசைமேல் சுருக்கமின்றி விரித்து, கருவியை அழுத்தாமல், மேலாக ஓட்டி உருண்டையை மட்டும் வெட்டுங்கள். முகம் மழிக்கும் பிளேடு மடிப்பில் பட்டால் ஊடையையே சீவிவிடும். கெட்டியான உருண்டைகளை மட்டும் எடுத்தால் போதும். சுத்தப் பருத்தியில் மற்றவை தாமாக உதிரும்.

போன பஞ்சை மறுபடி கொண்டுவர முடியுமா? பழைய பெட்ஷீட்டுக்கு வேற வழி இருக்கா?

பஞ்சு படிந்துபோயிருக்கிறதா, இல்லாமலேயே போய்விட்டதா என்பதைப் பொறுத்தது. நனைத்து உதறி, பாதி உலர்ந்த நிலையில் மென்மையான துணிப்பிரஷால் ஒரே திசையில் வருடிப் பாருங்கள். படிந்தது நிமிரும். வருடியும் நெசவே தெரிந்தால் அங்கே பஞ்சு தீர்ந்துவிட்டது. கம்பிப் பிரஷ் போட்டால் மறுபடி மயிர் எழும்புகிறது என்று சிலர் சொல்வது சரியே, ஆனால் அது மிச்சமிருக்கும் ஊடையிலிருந்து எழும்புகிறது. அடுத்த மாதம் கிழிய வேண்டியது இந்த வாரமே கிழியும்.

விரிப்பாக இருந்தால், கிழிவதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெளிச்சத்தில் பிடித்து நடுப்பகுதியில் பாவுக் கோடுகள் தெரியத் தொடங்கியதும், விரிப்பை நீளவாக்கில் சரிபாதியாக வெட்டி, புதிது போலிருக்கும் இரு ஓரங்களையும் நடுவில் கொண்டுவந்து சேர்த்துத் தைத்துவிடலாம். கரைகள் இரண்டையும் அரை அங்குலம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, இரு வரி தட்டையாகத் தைத்தால் முதுகில் உறுத்தாது. மெலிந்த பகுதி இப்போது ஓரத்துக்குப் போய் மெத்தைக்கு அடியில் செருகப்பட்டுவிடும்; வெட்டிய அந்த விளிம்புகளை மட்டும் மடித்துத் தைத்துவிட வேண்டும், இல்லையென்றால் தளர்ந்த ஊடை அங்கிருந்தே பிரியத் தொடங்கும்.